பிங்க் புத்தகத்தில் எச்பி ஏறவில்லையா? மாத்திரையையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள்

அரசாங்கக் கிளினிக்கில் பதிந்த ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு பிங்க் புத்தகம் கொடுக்கப்படுகிறது. எடை, இரத்த அழுத்தம், சிறுநீர்ச் சோதனை ஆகியவற்றோடு எச்பி எனப்படும் ஹீமோகுளோபின் அளவும் அதில் எழுதப்படுகிறது. பெரும்பாலான தாய்மார்கள் அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டு, "இரத்தம் கம்மியாம், மாத்திரை குடுத்திருக்காங்க" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள்.

எச்பி எண்ணைத் தனியாகப் பார்த்தால் அதிகம் தெரியாது. எத்தனையாவது வாரத்தில் எடுத்த எண், போன முறை எவ்வளவு இருந்தது, இடைப்பட்ட நாட்களில் எத்தனை மாத்திரை உண்மையில் வயிற்றுக்குள் போனது, எதனோடு போனது என்பதையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த எண்ணின் அர்த்தம் விளங்கும். தாதியும் டாக்டரும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டிய விவரத்தில் பாதி தாயிடம்தான் இருக்கிறது.

எண் என்ன சொல்கிறது?

கர்ப்ப காலத்தில் எச்பி ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்று கணக்கிடுவது வழக்கம். 10 முதல் 10.9 வரை லேசானது. 7 முதல் 9.9 வரை நடுத்தரமானது. 7-க்குக் கீழே கடுமையானது.

நான்காம் மாதத்துக்குப் பிறகு எச்பி கொஞ்சம் இறங்குவது இயற்கை. தாயின் உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி வேகமாகக் கூடுகிறது. சிவப்பணுக்களும் கூடுகின்றன, ஆனால் அதே வேகத்தில் இல்லை. கெட்டியான குழம்பில் தண்ணீர் ஊற்றியது போல இரத்தம் சற்று நீர்த்துப் போகிறது. இதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் கர்ப்பத்தின் நடுப்பகுதிக்கு மட்டும் 10.5 என்ற அளவை வைத்திருக்கிறது. 12-ஆம் வாரத்தில் 11.8 இருந்து 26-ஆம் வாரத்தில் 11.0 ஆகியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. 12-ஆம் வாரத்திலேயே 10.6 என்றால், நீர்த்துப் போவதற்கு முன்பே இருப்பு குறைவாக இருந்திருக்கிறது என்று பொருள். வழியில் இன்னும் இறங்கும் என்று எதிர்பார்த்து, அப்போதே கவனிக்க வேண்டும்.

எண் எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். விரலில் குத்திச் சின்னக் கருவியில் பார்ப்பது ஒன்று. நரம்பில் இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது இன்னொன்று. விரலை அழுத்திப் பிழிந்தால் இரத்தத்தோடு நீரும் கலந்து எண் குறைவாகக் காட்டலாம். ஆகவே 10.4 என்பது 10.2 ஆனதும், 10.2 என்பது 10.4 ஆனதும் உண்மையான மாற்றம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று முறை தொடர்ந்து ஒரே பக்கமாகப் போனால்தான் அது போக்கு.

சாப்பாடு மட்டும் ஏன் போதாது?

ஒரு கர்ப்பம் முழுவதற்கும் தாய்க்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவைப்படுகிறது. அதில் பெரும்பகுதி ஆறாம் மாதத்துக்குப் பிறகுதான் தேவை. நாம் சாப்பிடும் கீரையிலும் பருப்பிலும் இரும்பு இருந்தாலும், அதில் மிகச் சிறிய பங்குதான் குடலில் உறிஞ்சப்படுகிறது. கோழி, ஆட்டிறைச்சி, மீன் ஆகியவற்றில் உள்ள இரும்பு இன்னும் எளிதாக ஏறும். இருந்தாலும் ஏற்கெனவே எச்பி இறங்கிவிட்ட தாயைச் சாப்பாட்டால் மட்டும் மேலே கொண்டு வருவது கடினம். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் நல்ல உணவுதான், ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அவற்றை வைக்க முடியாது.

அப்படியானால் தாதி ஏன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார்? இருப்பு எப்படிக் குறைந்தது என்று தெரிந்துகொள்ளவும், மாத்திரையின் வேலையை எது கெடுக்கிறது என்று கண்டுபிடிக்கவும்தான். "நல்லா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள் என்று வரிசையாகச் சொன்னால்தான் உண்மை தெரியும்.

அப்படிச் சொல்லும்போது நம் வீடுகளில் அதிகம் தெரிய வருவது டீ. காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது ஒரு கிளாஸ் பால் டீ, பசியாறும்போது ரொட்டி சானாயோடு ஒரு டீ, மதியச் சோற்றுக்குப் பிறகு ஒன்று, சாயங்காலம் பிஸ்கட்டோடு ஒன்று. டீயிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள், கீரை, பருப்பு, மாத்திரை ஆகியவற்றின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சாப்பாட்டோடு டீ குடித்தால் உறிஞ்சப்படும் இரும்பு பாதிக்கும் மேல் குறைந்துவிடலாம். பாலும் மைலோவும் இதே மாதிரி தடை செய்கின்றன. டீயை விட்டுவிடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும்.

உதவி செய்யும் பொருள் வைட்டமின் சி. எலுமிச்சை, கொய்யா, ஆரஞ்சு, பப்பாளி ஆகியவற்றில் அது நிறைய உண்டு. பப்பாளி வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்கள் கொய்யாவை எடுத்துக்கொள்ளலாம். பருப்பும் கீரையும் சாப்பிடும் வேளையில் எலுமிச்சை பிழிந்துகொண்டாலே வித்தியாசம் உண்டு.

சைவ உணவுக்காரர்களும், விரத நாட்களில் அடிக்கடி சாப்பாட்டைக் குறைப்பவர்களும் அதை மறைக்காமல் தாதியிடம் சொல்ல வேண்டும். முட்டை, பால்கூடச் சேர்க்காதவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவாலும் இரத்தச்சோகை வரலாம். அதற்கு இரும்பு மாத்திரை உதவாது.

இன்னொரு விஷயத்தைப் பல பெண்கள் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. பச்சரிசியை மென்று தின்னத் தோன்றுவது, ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டே இருப்பது, மண் வாசனைக்கு ஆசைப்படுவது ஆகியவை இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். வெறும் மசக்கை என்று விட்டுவிடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

எந்த மாத்திரை எதற்கு?

அரசாங்கக் கிளினிக்குகளில் வழக்கமாகக் கொடுக்கப்படுபவை ஃபெரஸ் ஃபுமரேட் 200 மில்லிகிராம், ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம், அவற்றோடு வைட்டமின் சி, வைட்டமின் பி மாத்திரைகள். 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபுமரேட்டில் இரும்பு சுமார் 65 மில்லிகிராம்தான்.

ஃபோலிக் ஆசிட்டின் வேலை வேறு. கருவின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் முதல் வாரங்களில் அது முக்கியம். புதிய சிவப்பணு உண்டாகவும் அது வேண்டும். ஆரம்பத்தில் வாந்தி அதிகமாக இருந்தால், இரும்பு மாத்திரையைச் சில வாரம் தள்ளி வைத்து ஃபோலிக் ஆசிட்டை மட்டும் கொடுப்பதுண்டு. "எனக்கு முதல்லருந்தே மாத்திரை சாப்பிடுறேனே" என்று சொல்லும் சில தாய்மார்கள் உண்மையில் ஃபோலிக் ஆசிட்டை மட்டுமே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பாக்கெட்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினால் இந்தக் குழப்பம் வராது.

இரும்பு மாத்திரை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ, தண்ணீரோடு அல்லது எலுமிச்சைத் தண்ணீரோடு சாப்பிட்டால் நன்றாக ஏறும். குமட்டல் தாங்க முடியாவிட்டால் கொஞ்சம் சாப்பாட்டோடு எடுக்கலாம். குறைவாகத்தான் ஏறும், ஆனாலும் சாப்பிடாமல் விடுவதைவிட மேல். கால்சியம் மாத்திரையும் இருந்தால் அதை வேறு வேளைக்கு மாற்ற வேண்டும். வயிற்றெரிச்சலுக்கு மருந்து எடுத்தால் அதையும் இதையும் சேர்த்துப் போடக் கூடாது.

மலம் கறுப்பாகப் போவது மாத்திரையின் நிறம், பயப்பட வேண்டாம். உண்மையில் அது மாத்திரை உள்ளே போகிறது என்பதற்கு ஓர் அடையாளம். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், பழம், காய்கறி உதவும். முடியாவிட்டால் டாக்டர் மாத்திரையை மாற்றித் தருவார் அல்லது அளவைக் குறைப்பார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தாலும் சிலருக்குப் போதும். ஆனால் அதை டாக்டரோ தாதியோதான் முடிவு செய்ய வேண்டும்.

மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும், உடம்புக்குச் சூடு, பிள்ளை பெரிதாகிப் பிரசவம் கஷ்டமாகும் என்றெல்லாம் வீட்டில் பெரியவர்கள் சொல்வதுண்டு. பிள்ளையின் நிறம் தாய் தகப்பன் வழி வருவது, இரும்பு அதை மாற்றாது. மாமியாரோ அம்மாவோ இப்படிச் சொன்னால், அடுத்த முறை அவரையும் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். தாதி சொல்வதை அவர் நேரில் கேட்பது நல்லது.

இந்த மாத்திரை சின்னப் பிள்ளைகளுக்கு விஷம். மிட்டாய் போல இருப்பதால் எடுத்து விழுங்கிவிடுவார்கள். எட்டாத இடத்தில் வையுங்கள். பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஒரு தாயின் புத்தகம்

கிளினிக்குகளில் அடிக்கடி காணப்படும் நிலைமையை விளக்க அமைத்த ஓர் எடுத்துக்காட்டு இது. தாய்க்கு வயது 24. இரண்டாவது கர்ப்பம். மூத்த பிள்ளைக்கு இன்னும் ஒன்றரை வயது ஆகவில்லை. கணவருக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. இவர் பஸ்ஸில் தொழிற்சாலைக்குப் போகிறார்.

11-ஆம் வாரத்தில் பதிந்தபோது எச்பி 10.6. வாந்தி இருந்ததால் ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தார்கள். 16-ஆம் வாரத்தில் 10.2. இரும்பு மாத்திரை தினம் ஒன்று தொடங்கியது. 20-ஆம் வாரத்தில் 9.7. மாத்திரை தினம் இரண்டாக்கப்பட்டது. 24-ஆம் வாரத்தில் 9.6. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் "சாப்பிடுறேன்" என்ற பதில்தான் புத்தகத்தில் இருந்தது.

இந்த வரிசையை மட்டும் பார்த்தால், இரண்டு மாத்திரையும் பலன் தரவில்லை என்றுதான் தோன்றும். 24-ஆம் வாரத்தில் தாதி மிச்ச மாத்திரையைக் கொண்டுவரச் சொன்னார். 28 நாளைக்கு 56 மாத்திரை கொடுத்திருந்தார்கள். பாக்கெட்டில் 37 மிச்சம். ஆக நான்கு வாரத்தில் உள்ளே போனது 19, அதாவது மூன்றில் ஒரு பங்கு.

தாதி திட்டவில்லை. "எந்த வேளை மாத்திரை சாப்பிட ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா?" என்று கேட்டார். காலையில் போட்டால் பஸ்ஸில் குமட்டுகிறது, அதனால் வேலை நாட்களில் போடுவதில்லை என்றார் தாய். இரவில் போடும்போது, வாயில் வரும் இரும்பு வாடை போக ஒரு கிளாஸ் பால் டீ குடிப்பாராம். மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்து ஒரு வாரம் முழுவதும் நிறுத்தியிருக்கிறார்.

முழு இரத்தப் பரிசோதனையும் செய்யப்பட்டது. சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. 72 என வந்தது. 80-க்குக் கீழே என்றால் அணுக்கள் சிறியவை. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9. இது 15-க்குக் கீழே இருந்தால் இருப்பு காலி என்றே கொள்ளலாம். ஆகவே காரணம் இரும்புக் குறைவுதான். இரண்டு பிரசவத்துக்கு நடுவில் உடம்பு இருப்பைச் சேர்த்துக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை.

டாக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை, தினம் ஒன்றாகக் குறைத்தார். இரவு சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்முன் எலுமிச்சைத் தண்ணீரோடு சாப்பிடச் சொன்னார். டீ மாலை ஐந்து மணியோடு முடிந்துவிட வேண்டும். மாத்திரை போட்ட நாளை அடுப்படிக் காலண்டரில் கணவர் குறித்து வைத்தார்.

28-ஆம் வாரத்தில் 28-க்கு 25 மாத்திரை போயிருந்தது. எச்பி 10.5. 32-ஆம் வாரத்தில் 11.2. 36-ஆம் வாரத்தில் 11.4. தினம் இரண்டு என்று எழுதியிருந்தபோது ஏறாத எண், ஒரு மாத்திரை ஒழுங்காக உள்ளே போனதும் ஏறியது.

ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறாவிட்டால்

மாத்திரை தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் எச்பியை மறுபடி பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஏறக்குறைய 1 கிராம் ஏறியிருந்தால் சிகிச்சை வேலை செய்கிறது. ஏறவில்லை என்றால் முதலில் எண்ண வேண்டியது மாத்திரையை. எண்ணிப் பார்த்து, உண்மையில் சாப்பிட்டிருக்கிறார் என்று தெரிந்தால், அதற்குப் பிறகும் தாயைக் குறை சொல்லிக்கொண்டிருப்பது தவறு. வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது தலசீமியா. நோயில்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமப்பவர்கள் சாதாரணமாகத்தான் இருப்பார்கள். எச்பி சற்றுக் குறைவாகவும், எம்.சி.வி. மிகவும் குறைவாகவும் இருக்கும். ஃபெரிட்டின் சரியாக இருக்கலாம். அவர்களுக்கு இரும்பை மேலும் மேலும் கொடுப்பதில் பயன் இல்லை. பள்ளியில் நான்காம் படிவத்தில் தலசீமியா சோதனை செய்திருந்தால் அந்த முடிவைத் தேடி எடுத்துக் கொண்டு போங்கள். தாய்க்கு இருக்கிறது என்று தெரிந்தால் கணவரும் சோதிக்க வேண்டும். இருவருக்கும் ஒரே வகை இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

மூலத்தில் இரத்தம் போவது, குடற்புழு, வயிற்றுப் புண் ஆகியவற்றாலும் இரும்பு கசிந்துகொண்டே இருக்கலாம். எம்.சி.வி. பெரிதாக இருந்தால் ஃபோலிக் ஆசிட் அல்லது பி12 குறைவு என்று பார்ப்பார்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவே இல்லை, அல்லது பிரசவ நாள் நெருங்கிவிட்டது என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம். இது முதல் மூன்று மாதத்தில் செய்யப்படுவதில்லை. இதற்கு நேரம் வேண்டும் என்பதால்தான் 24-ஆம், 28-ஆம் வாரத்து எண்கள் முக்கியமாகின்றன. 37-ஆம் வாரத்தில் 8.5 என்று தெரிந்தால் செய்யக்கூடியது குறைவு. பிரசவத்தில் எல்லாத் தாய்க்கும் இரத்தம் போகும். எச்பி குறைவாக இருப்பவருக்கு அதைத் தாங்கும் சக்தியும் குறைவு.

படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது, மயக்கம் வருவது, இரத்தப்போக்கு ஆகியவை இருந்தால் அடுத்த தவணைக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

புத்தகத்தில் இடைவெளி விழாமல் இருக்க

எண் வரிசை அறுந்து போவது பெரும்பாலும் இடம் மாறும்போதுதான். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகிறவர்கள், தோட்டத்திலிருந்து டவுனுக்கு மாறுகிறவர்கள், நடுவில் தனியார் கிளினிக்கில் ஸ்கேன் எடுக்கிறவர்கள் எல்லாரும் பிங்க் புத்தகத்தைக் கையோடு கொண்டு போக வேண்டும். தனியார் கிளினிக்கில் இரத்தம் எடுத்தால் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்து, அடுத்த தவணையில் தாதியிடம் காட்டி எண்ணையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். போகும் ஊரில் எந்தக் கிளினிக் என்று முன்பே சொன்னால் அடுத்த எச்பி எப்போது என்பதையும் குறித்துத் தருவார்கள்.

எச்பி 11-ஐத் தாண்டியதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இரத்தத்தில் எண் சரியான பிறகும் உடலின் இருப்பு காலியாகத்தான் இருக்கும். அது நிரம்ப இன்னும் சுமார் மூன்று மாதம் ஆகும். பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது ஆறு வாரமாவது தொடர வேண்டியிருக்கும். வீட்டுக்கு வரும் தாதியிடம் மிச்ச மாத்திரையைக் காட்டி, எப்போது நிறுத்தலாம், அடுத்த எச்பி எப்போது என்று கேளுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். அடுத்த கர்ப்பத்தில் பதியப் போகும்போது, போன முறை எச்பி எவ்வளவு இறங்கியது, எந்த மாத்திரை ஒத்துக்கொண்டது, தலசீமியா சோதனை முடிவு என்ன என்பவை அதில் இருக்கும். 24-ஆம் வாரத்தில் தெரிந்ததை அடுத்த முறை முதல் நாளே தெரிந்துகொள்ளலாம்.